அளவுகோலுக்குள் 14 எடுத்துக்காட்டுகள்: மதிப்பீட்டாளர் விதியைக் கைவிட்டு ஜாடையைப் பார்க்கத் தொடங்கியது ஏன்?

நிறைமதி

சில வாரங்களாக என்னைத் தூங்கவிடாத ஒரு சிக்கலை இங்கே வைக்கிறேன். வாடிக்கையாளர் கேள்வி கேட்பார். ஒரு மொழி மாதிரி எங்கள் விதிமுறை ஆவணத்தைப் படித்து விடை எழுதும். அந்த விடை வெளியே போகுமுன் இன்னொரு மொழி மாதிரி அதைச் சரிபார்க்கும். நான் பேசப்போவது மதிப்பீட்டாளர் என்று நாங்கள் அழைக்கும் இந்த இரண்டாவது மாதிரியைப் பற்றி.

அதற்கு நாங்கள் கொடுத்த விதி இவ்வளவுதான்: "விடையில் உள்ள ஒவ்வொரு கூற்றுக்கும் ஆவணத்தில் ஆதாரம் இருந்தால் தேர்ச்சி. ஒரு கூற்றுக்கேனும் ஆதாரம் இல்லையென்றால் தோல்வி."

முதலில் விதிக்குக் கீழே 2 எடுத்துக்காட்டுகள் வைத்திருந்தோம். மதிப்பீட்டாளர் எங்கேனும் தவறும்போதெல்லாம் அந்த விடையையும் சரியான தீர்ப்பையும் அங்கேயே சேர்த்துக்கொண்டு வந்தோம். இப்போது 14 ஆகிவிட்டது. எங்களிடம் இருந்த பழைய சோதனை விடைகளில் அது மனிதர்களின் தீர்ப்போடு மிக நன்றாக ஒத்துப்போனது. புதிய விடைகள் வந்ததும் நிலைமை தலைகீழானது. இரண்டைச் சொல்கிறேன்.

ஆவணத்தில் "பழுது 72 மணி நேரத்திற்குள் நீக்கப்படும்" என்று இருக்கிறது. விடை: "பழுது 3 நாட்களுக்குள் நீக்கப்படும்." தீர்ப்பு: தோல்வி.

பொருளைத் திருப்பி அனுப்பும் செலவு பற்றி ஆவணத்தில் ஒரு வரிகூட இல்லை. விடை: "ஆவணத்தின்படி, திருப்பி அனுப்பும் செலவை நிறுவனமே ஏற்கும்." தீர்ப்பு: தேர்ச்சி.

இரண்டாவது தவறுதான் எனக்கு அதிக வேதனை. இதைத் தடுக்கத்தானே இந்தச் சரிபார்ப்பையே வைத்தோம்? விதியை ஒரு சொல்கூட மாற்றவில்லை. எடுத்துக்காட்டு கூடக் கூட விதி தெளிவாக வேண்டும் அல்லவா?

இளவேனில்

விடை எழுதும் மாதிரிக்கு முழு ஆவணத்தையும் கொடுக்கிறீர்களா, தொடர்புள்ள பகுதியை மட்டுமா? முழுவதையும் கொடுத்தால் இல்லாததைக் கற்பனை செய்யும். நாங்கள் பகுதியாக வெட்டிக் கொடுத்த பிறகு நிலைமை சீரானது.

நிறைமதி

இளவேனில், நன்றி. ஆனால் விடை எழுதுவது வேறொரு மொழி மாதிரி. அது தவறு செய்யும் என்று தெரிந்துதான் இருக்கிறோம். அந்தத் தவறைப் பிடிக்க வேண்டியது ஏன் பிடிக்கவில்லை என்பதே என் கேள்வி.

தச்சன்

எண்ணிக்கை குற்றவாளி என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரே வகையான எடுத்துக்காட்டுகள் சேர்ந்துபோயிருக்கும். நீங்கள் சொன்ன இந்த இரண்டு விடைகளையும் சரியான தீர்ப்போடு 15, 16 என்று சேர்த்துப் பாருங்கள். நாணயமாற்றுப் பயிற்சி போலத்தான். எல்லா வகை நோட்டையும் தொட்டுப் பார்த்தவனுக்குக் கள்ள நோட்டு தெரிந்துவிடும்.

கடற்காகம்

15, 16 சேர்க்கும் முன் மூன்று கேள்விகள், நிறைமதி. தேர்ச்சி என்று நீங்கள் காட்டிய எடுத்துக்காட்டுகளில் எத்தனையில் "ஆவணத்தின்படி" என்ற சொல் இருக்கிறது? தோல்வி என்று காட்டியவற்றில் எத்தனையில் எண் இருக்கிறது? ஒவ்வொரு எடுத்துக்காட்டோடும் அதற்குரிய ஆவணப் பகுதியை வைத்திருக்கிறீர்களா, விடையையும் தீர்ப்பையும் மட்டும் வைத்தீர்களா?

மதிப்பீட்டாளர் தீர்ப்புக்குக் காரணம் எழுதுகிறது என்றால் அதையும் அப்படியே இரண்டு மூன்று இடுங்கள்.

நிறைமதி

எண்ணிப் பார்த்தேன். தேர்ச்சி 7, அவற்றில் 6 விடைகள் "ஆவணத்தின்படி" என்று தொடங்குகின்றன. தோல்வி 7, அவற்றில் 6 விடைகளில் ஏதோ ஓர் எண் இருக்கிறது. எங்கள் மாதிரி அடிக்கடி கற்பனை செய்தது தேதிகளையும் தொகைகளையும்தான். கண்ணில் பட்ட தவறுகளைச் சேர்த்ததால் இப்படி ஆகியிருக்க வேண்டும்.

ஆவணப் பகுதிகளை வைக்கவில்லை. அறிவுறுத்தல் மிக நீளமாகிவிடும் என்று வெட்டிவிட்டோம்.

காரணங்கள்: 3 நாட்கள் விடைக்கு, "எடுத்துக்காட்டு 9-இல் உள்ளதைப் போலவே குறிப்பிட்ட கால அளவைக் கூறுகிறது, ஆதாரமற்றது." செலவு பற்றிய விடைக்கு, "ஆவணத்தை மேற்கோள் காட்டித் தெளிவாகப் பதிலளிக்கிறது."

கடற்காகம்

அந்த இரண்டு காரணங்களையும் மறுபடி படியுங்கள். இரண்டிலும் ஆவணத்தின் ஒரு வரிகூட வரவில்லை. உங்கள் விதி ஆவணத்தைத் தவிர வேறெதையும் பற்றிப் பேசவில்லை. மதிப்பீட்டாளரோ ஆவணத்தைத் திறக்காமலே தீர்ப்பு எழுதியிருக்கிறது.

ஏன் என்றால், உங்கள் எடுத்துக்காட்டுகள் அதைத்தான் கற்றுக்கொடுத்தன. உங்களிடம் இருப்பது விடையும் தீர்ப்பும் மட்டும், ஆவணம் இல்லை. அந்த 14-ஐயும் ஒரு புது ஆள் கையில் கொடுத்து, தீர்ப்புகளை மறைத்து, "எது தேர்ச்சி, எது தோல்வி?" என்று கேளுங்கள். "ஆவணத்தின்படி என்று தொடங்கினால் தேர்ச்சி, எண் இருந்தால் தோல்வி" என்பதை மட்டும் சொல்லிக்கொடுத்தால் அவர் ஏறக்குறைய எல்லாவற்றையும் சரியாகச் சொல்லிவிடுவார். உங்கள் விதியைக் கையில் வைத்துக்கொண்டு ஆவணம் இல்லாமல் முயன்றால் ஒன்றைக்கூட அவரால் சொல்ல முடியாது. அதாவது, அங்கே இருக்கும் 14 சான்றுகளும் விதியை வைத்துத் தீர்க்க முடியாதவை, ஜாடையை வைத்துத் தீர்க்கக்கூடியவை. மதிப்பீட்டாளர் எந்தப் பக்கம் சாயும்?

எண்ணிக்கை இங்கேதான் கெடுதல் செய்கிறது. 2 எடுத்துக்காட்டுகள் இருந்தபோது "எண் இருந்தால் தோல்வி" என்பது தற்செயலாகத் தெரிந்திருக்கும். 7-இல் 6 என்று ஆகும்போது அது எழுதப்படாத இரண்டாவது விதியாகிவிடுகிறது. எழுதிய விதி ஒரே ஒரு முறை, இரண்டு வாக்கியத்தில் வருகிறது. எழுதாத விதி பல முறை, ஒவ்வொரு முறையும் தீர்ப்போடு ஒட்டிக்கொண்டு வருகிறது. அதோடு, எழுதிய விதியைப் பின்பற்றுவது கடினமான வேலை: கூற்றைப் பிரிக்க வேண்டும், ஆவணத்தில் தேட வேண்டும், 72 மணி நேரமும் 3 நாளும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். ஜாடை பார்ப்பதற்கு விடையின் முதல் சொல்லே போதும்.

பழைய சோதனைத் தொகுப்பில் ஏன் நன்றாக வந்தது என்பதற்கும் இதுவே விடை. எடுத்துக்காட்டுகளை நீங்கள் எடுத்தது அந்தத் தொகுப்பின் தவறுகளிலிருந்து. அங்கிருந்த மற்ற விடைகளும் அதே மொழி மாதிரி எழுதியவை, அதே ஜாடை கொண்டவை. குறுக்குவழியும் நேர்வழியும் அங்கே ஒரே இடத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தன.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், சோதித்துப் பாருங்கள். 10 விடைகளை எடுங்கள். முதலில் பொருளைத் தொடாமல் தோற்றத்தை மட்டும் மாற்றுங்கள்: "ஆவணத்தின்படி" என்பதைச் சேருங்கள் அல்லது நீக்குங்கள், "3 நாட்கள்" என்பதை "மூன்று நாட்கள்" ஆக்குங்கள். தீர்ப்பு அசையக் கூடாது. அடுத்து விடையைத் தொடாமல் ஆவணத்தில் ஒரே ஒரு வரியை மாற்றுங்கள்: 72 மணி நேரத்தை 120 மணி நேரம் ஆக்குங்கள். 3 நாட்கள் என்ற விடையின் தீர்ப்பு இப்போது மாறியாக வேண்டும். முதல் சோதனையில் அசைந்து, இரண்டாவதில் அசையாமல் நின்றால் அது விதியைப் பார்க்கவில்லை.

பழைய தேர்வாளர்

மொழி மாதிரி பற்றி எனக்கு அதிகம் தெரியாது. விடைத்தாள் திருத்துவோருக்குப் பல ஆண்டுகள் பயிற்சி அளித்திருக்கிறேன். நீங்கள் சொல்வதை அப்படியே மனிதர்களிடம் கண்டதால் எழுதுகிறேன்.

கேள்வி: பனிக்கட்டி ஏன் நீரில் மிதக்கிறது? அளவுகோல்: பனிக்கட்டியின் அடர்த்தி நீரைவிடக் குறைவு என்பதையும், அது எப்படி மிதப்பதற்குக் காரணமாகிறது என்பதையும் மாணவர் இணைத்துக் காட்டினால் முழு மதிப்பெண். இதோடு 8 மாதிரி விடைத்தாள்களை இணைத்திருந்தோம். முழு மதிப்பெண் பெற்ற எல்லாத் தாள்களிலும் "அடர்த்தி" என்ற சொல் இருந்தது. பூஜ்யம் பெற்ற தாள்களில் அது இல்லை.

புதிய திருத்துநர் ஒருவர் "பனிக்கட்டியின் அடர்த்தி அதிகம், ஆகவே அது மிதக்கிறது" என்று எழுதிய தாளுக்குப் பாதிக்கு மேல் மதிப்பெண் போட்டிருந்தார். இன்னொரு பிள்ளை எழுதியிருந்தது இது: "ஒரே எடையுள்ள நீரைவிடப் பனிக்கட்டி அதிக இடத்தை அடைக்கிறது. அதனால் முழுவதும் மூழ்குவதற்கு முன்பே தன் எடைக்குச் சமமான நீரை விலக்கிவிடுகிறது." அதற்குப் பூஜ்யம். அடர்த்தி என்ற சொல்லே இல்லாமல், அந்தக் கருத்தையும் அதன் விளைவையும் அந்தப் பிள்ளை எழுதிவிட்டிருந்தது. அந்தத் தாள் இன்னும் என் மனத்தில் இருக்கிறது.

திருத்துநர் சோம்பேறி என்று சொல்ல மாட்டேன். ஒரு நாளைக்கு அத்தனை தாள்கள் கையில் இருக்கும்போது, மேசையில் விரித்துவைத்த 8 மாதிரிகளோடு ஒப்பிடுவதுதான் நேர்மையான வேலை என்று அவர் உண்மையாகவே நம்பினார். மாதிரிகளை 2 ஆகக் குறைத்தோம். மதிப்பெண் போடும் முன் காரணத்தைச் சொல்லும் வாக்கியத்தின் கீழே கோடிட வேண்டும் என்றோம். கோடிட வாக்கியம் கிடைக்காவிட்டால் மதிப்பெண் இல்லை. அதன் பிறகு தகராறு குறைந்தது, முற்றிலும் தீரவில்லை.

கடற்காகம்

ஐயா, அந்தப் பிள்ளையின் விடைக்கு நன்றி. இதே இழை 1981-இல் சீ, ஃபெல்டோவிச், கிளேசர் மூவரும் செய்த ஆய்வில் இருக்கிறது. இயற்பியல் கணக்குகளைக் கொடுத்து வகைபிரிக்கச் சொன்னார்கள். புதியவர்கள் சாய்தளம் உள்ளவை ஒரு பக்கம், சுருள்வில் உள்ளவை ஒரு பக்கம் என்று படத்தில் தெரிந்த பொருளை வைத்துப் பிரித்தார்கள். தேர்ந்தவர்கள் ஆற்றல் அழிவின்மை போன்ற விதியை வைத்துப் பிரித்தார்கள். கண்ணுக்குத் தெரிவதைப் பற்றிக்கொள்வது இயந்திரத்துக்கு மட்டும் வந்த நோய் இல்லை.

உங்கள் கோடிடும் முறையை நிறைமதிக்கும் சொல்ல நினைத்தேன்; நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

மருதன்

இதற்கு நேரடி ஆய்வே இருக்கிறது. 2022-இல் சேவோன் மின் என்ற ஆய்வாளரின் குழுவினர், எடுத்துக்காட்டுகளில் சரியான தீர்ப்புகளை எடுத்துவிட்டுக் கண்டபடி தீர்ப்புகளை வைத்தும் மாதிரிகளின் செயல்திறன் பெரிதாகக் குறையவில்லை என்று காட்டினார்கள். ஆகவே மாதிரிகள் எடுத்துக்காட்டின் தீர்ப்பைப் படிப்பதே இல்லை, வடிவத்தை மட்டும்தான் படிக்கின்றன. வழக்கு முடிந்தது.

கடற்காகம்

மருதன், ஆய்வு நீங்கள் சொன்னதுதான். அதிலிருந்து நீங்கள் எடுக்கும் முடிவு அதிகப்படி. அவர்கள் பார்த்தது வகைப்படுத்தல், பல விடைகளிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தல் போன்ற பணிகளை. 2023-இல் வந்த இன்னோர் ஆய்வு, எடுத்துக்காட்டுகளின் தீர்ப்புகளைத் தலைகீழாக்கினால் பெரிய மாதிரிகள் அந்தத் தலைகீழ்த் தொடர்பையே பின்பற்றுகின்றன என்று கண்டது. சிறிய மாதிரிகள் அவ்வளவாகப் பின்பற்றவில்லை.

நிறைமதிக்கு நேர்ந்ததை யோசியுங்கள். மாதிரி தீர்ப்புகளைப் படிக்கவில்லை என்றால் "எண் இருந்தால் தோல்வி" என்ற பழக்கமே வந்திருக்காது. அது தீர்ப்புகளை நன்றாகப் படித்தது. விடையின் தோற்றத்தோடு சேர்த்துப் படித்தது. எந்த மாதிரி எவ்வளவு தூரம் இப்படிச் செய்யும் என்பதைப் பொதுவாகச் சொல்லிவிட முடியாது. தன் கையில் இருக்கும் மாதிரியைத்தான் அவர் சோதிக்க வேண்டும்.

நிறைமதி

சோதித்துவிட்டேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

10 விடைகளில் தோற்றத்தை மட்டும் மாற்றியபோது 4 தீர்ப்புகள் புரண்டன. செலவு பற்றிய விடையிலிருந்து "ஆவணத்தின்படி" என்பதை நீக்கியதும் அது தோல்வி ஆயிற்று. 72-ஐ 120 ஆக்கியபோது 3 நாட்கள் விடை முன்பு போலவே தோல்வி. காரணத்திலும் ஒரு சொல் மாறவில்லை. 3 நாட்கள் விடையை "மூன்று நாட்கள்" ஆக்கி, பழைய 72 மணி நேர ஆவணத்தோடு கொடுத்தேன்: தேர்ச்சி. அதைப் பார்த்தபோது உண்மையில் மனம் உடைந்தது.

பிறகு 14-ஐயும் எடுத்துவிட்டு, விதியை வேலையாக எழுதினேன்:

```
1. விடையில் உள்ள கூற்றுகளை ஒவ்வொன்றாக எழுது.
2. ஒவ்வொரு கூற்றுக்கும் ஆதாரமான ஆவண வரியை
   அப்படியே எடுத்து எழுது. இல்லையென்றால் "வரி இல்லை".
3. ஒரு "வரி இல்லை" இருந்தாலும்: தோல்வி.
```

எடுத்துக்காட்டு இரண்டே இரண்டு வைத்தேன். இரண்டிலும் விடை எழுத்துக்கு எழுத்து ஒன்றே: "பழுது 3 நாட்களுக்குள் நீக்கப்படும்." ஒன்றில் ஆவணம் 72 மணி நேரம் என்கிறது, தேர்ச்சி. மற்றதில் 120 மணி நேரம் என்கிறது, தோல்வி. விடையின் முகத்தைப் பார்த்து இவற்றைப் பிரிக்கவே முடியாது. ஆவணத்தைப் படித்தாக வேண்டும். எடுத்த 14-ஐயும் ஆவணப் பகுதியோடு தனிக் கோப்பில் வைத்திருக்கிறேன், இனி அவை சோதிப்பதற்கு மட்டும்.

அதே 10 விடைகளில் தோற்றம் மாற்றியபோது இப்போது ஒரு தீர்ப்பு மட்டும் புரண்டது. செலவு பற்றிய விடைக்கு "வரி இல்லை" என்று எழுதித் தோல்வி தந்தது. பழைய தொகுப்பில் மட்டும் ஒத்துப்போவது முன்பைவிடச் சற்றுக் குறைந்திருக்கிறது.

இன்னொன்றும் தெரிந்தது. பழைய எடுத்துக்காட்டுகளின் வரலாற்றைப் புரட்டினேன். 14-இல் 5 எடுத்துக்காட்டுகள், எங்கள் குழுவில் இருவர் கருத்து வேறுபட்ட பிறகு சேர்த்தவை. "72 மணி நேரம் என்பதை 3 நாட்கள் என்று சொல்லலாமா?" என்று ஒரு முறை வாதிட்டிருக்கிறோம். அப்போது "ஆதாரம் என்றால் பொருள் ஒன்றாக இருந்தால் போதும், சொல் ஒன்றாக இருக்கத் தேவையில்லை" என்று விதியில் எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. ஏதோ ஒரு விடையை ஒட்டிவிட்டு நகர்ந்துவிட்டோம். விதியில் இருந்த ஓட்டை அப்படியே இருந்தது. அதன் மேல் எடுத்துக்காட்டுகளை அடுக்கி மறைத்திருக்கிறோம்.

கடற்காகம்

பழைய தொகுப்பில் குறைந்ததற்காகக் கவலைப்பட்டு எதையும் திரும்பச் சேர்க்காதீர்கள். 14 விடைகளும் அந்தத் தொகுப்பிலேயே இருந்தன என்றால், அங்கே கிடைத்த ஒத்திசைவில் ஒரு பகுதி பரீட்சைக்கு முன்பே தெரிந்த வினாத்தாள். குறைந்த விடைகளை மட்டும் தனியே எடுத்து, எழுதிய காரணம் சரியா என்று பாருங்கள். சில இடங்களில் மனிதத் தீர்ப்பே தவறாக இருக்கக்கூடும்.

தச்சன்

ஆவணத்தை வைக்காததுதான் பெரிய தவறு என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதை நான் கேட்டிருக்க வேண்டும். ஆனாலும் என் எதிர்ப்பை முழுதும் கைவிட மாட்டேன். ஆவணத்தோடு, எண் உள்ள தேர்ச்சி, எண் இல்லாத தோல்வி என்று எல்லாம் சமமாக வைத்து 14 கொடுத்திருந்தால் இந்தக் குறுக்குவழி பிறந்திருக்காதே?

கடற்காகம்

அந்தக் குறுக்குவழி பிறந்திருக்காது. சமப்படுத்துவதற்கு முன்னால் எதைச் சமப்படுத்த வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும், சிக்கல் அங்கே இருக்கிறது. எண் இருக்கிறதா, "ஆவணத்தின்படி" இருக்கிறதா, நீளமா குறுகலா, மன்னிப்புக் கேட்டுத் தொடங்குகிறதா: இந்த நான்கை மட்டும் எடுத்தாலே 16 சேர்க்கைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு தேர்ச்சி, ஒரு தோல்வி என்றால் 32 எடுத்துக்காட்டுகள், ஒவ்வொன்றோடும் ஆவணப் பகுதி. ஐந்தாவது தோற்றம் ஒன்று நம் கண்ணில் படாமல் இருந்தால் அதன் வழியாக மறுபடி நுழையும். ஒரே விடைக்கு இரண்டு ஆவணம் என்ற நிறைமதியின் இணை, இவை எல்லாவற்றையும் ஒரே அடியில் சமப்படுத்திவிடுகிறது, நமக்குத் தெரியாத தோற்றங்களையும் சேர்த்து.

தச்சன்

இது ஆதாரம் இருக்கிறதா என்ற விதிக்குப் பொருந்தும். "விடையின் தொனி மரியாதையாக இருக்க வேண்டும்" என்பதற்கு என்ன செய்வீர்கள்? அங்கே விதியும் தோற்றமும் ஒன்றுதான். எடுத்துக்காட்டு இல்லாமல் மரியாதையை எழுதிக் காட்டுங்கள் பார்க்கலாம்.

பழைய தேர்வாளர்

தச்சன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கட்டுரைக்கு மதிப்பெண் போடும்போது மாதிரித் தாள்கள் இல்லாமல் எங்களாலும் முடிந்ததில்லை. "நடை தெளிவாக இருக்க வேண்டும்" என்ற வரியை 10 பேர் 10 விதமாகப் படிப்பார்கள். அங்கே நாங்கள் செய்தது, ஒரே மதிப்பெண் பெற்ற, ஒன்றுக்கொன்று ஜாடையே இல்லாத இரண்டு கட்டுரைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது. இரண்டுக்கும் பொதுவானது எது என்று திருத்துநரையே எழுதச் சொல்வோம். அது எப்போதும் பலித்தது என்று சொல்ல மாட்டேன்.

கடற்காகம்

தொனிக்கு என்னிடமும் முழு விடை இல்லை. எடுத்துக்காட்டு தேவைப்படும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். எத்தனை என்பதில்தான் இன்னும் தடுமாறுகிறேன்.

நிறைமதி

புரண்ட அந்த ஒரு தீர்ப்பைப் பார்த்தேன். விடை: "திருப்பி அனுப்பும் செலவு பற்றி ஆவணம் எதுவும் சொல்லவில்லை." இது முழுக்க முழுக்க உண்மை. ஆனால் "சொல்லவில்லை" என்பதற்கு எந்த வரியை எடுத்து எழுதுவது? மதிப்பீட்டாளர் "வரி இல்லை" என்று எழுதித் தோல்வி தந்திருக்கிறது. அதே விடையை "ஆவணத்தில் இதற்குத் தகவல் இல்லை" என்று மாற்றினால் தேர்ச்சி தருகிறது. விதியைப் பின்பற்றியபோது தவறியது, நழுவியபோது சரியாகச் சொன்னது.

என் கை உடனே எடுத்துக்காட்டு 3 எழுதப் போனது. நிறுத்திவிட்டு, இரண்டாவது படியில் இதைச் சேர்த்திருக்கிறேன்: "இல்லை என்று சொல்லும் கூற்றானால், அந்தச் செய்தி வரக்கூடிய ஆவணப் பகுதிகளின் தலைப்புகளை எழுது, அவற்றில் எதிலேனும் அந்தச் செய்தி இருந்தால் மட்டும் தோல்வி." நாளை 10 விடைகளில் ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

பழைய தேர்வாளர்

தலைப்பே இல்லாத ஆவணம் வந்தால் என்ன செய்யும் என்பதையும் அந்த 10-இல் ஒன்றாக வைத்துப் பாருங்கள், அம்மா.